நாலரை மாதத்தில் ராகிக் கூழ் தரலாமா?

"பெங்களூரில் இருக்கிறோம். பையனுக்கு நாலரை மாதம். எப்போதும் கையைச் சப்புகிறான். ராகிக் கூழ் ஆரம்பிக்கலாமா?"

இன்னும் பொறுங்கள். தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் கெட்டியான உணவுதான் இணை உணவு. ஆறு மாதம், அதாவது 180 நாள் முடிந்ததும் தொடங்க வேண்டும்.

காரணம் இரும்புச்சத்து. தாயின் வயிற்றிலேயே குழந்தை அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறக்கிறது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. மாதச் சாமான் தீர்கிற மாதிரி, ஆறாம் மாதவாக்கில் அந்த இருப்பு கரைந்துவிடும். அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டால் ரத்தசோகை வரலாம். முன்னதாகவே கொடுத்தால் கூழ் வயிற்றை நிரப்பி, பால் குடிப்பது குறையும். வயிற்றுப்போக்கும் எளிதில் வரும்.

தயாரா என்பதை மடியில் வைத்தே பார்க்கலாம். லேசாகப் பிடித்தால் உட்கார வேண்டும், தலை ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு கரண்டி நுனியில் கொஞ்சம் கூழ் வையுங்கள். நாக்கு அதை வெளியே தள்ளினால் விழுங்கப் பழகவில்லை என்று அர்த்தம். சில நாள் கழித்துப் பாருங்கள். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

தொடக்கத்தில் வேளைக்கு இரண்டு, மூன்று தேக்கரண்டி போதும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும்; தண்ணீர்க் கஞ்சியில் சத்து இல்லை. ராகியோடு நிற்காமல், மசித்த பருப்பு, முட்டை, கீரை என்று சில வாரங்களிலேயே சேருங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது.

கையைச் சப்புவதைப் பசி என்று நினைக்கிறார்கள். நான்கு மாதக் குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும்.