லீவு கணக்கில் இருந்தால் போதுமா? முதல் நாள் உரையில் சொல்ல வேண்டியவை

கேள்வி: நான் எங்கள் நிறுவனத்தின் பணியாளர் பிரிவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருக்கிறேன். அடுத்த மாதம் வேலையில் சேரும் புதியவர்களுக்கு நடத்தை விதிகளையும் விடுப்பு விதிகளையும் விளக்க எனக்கு 40 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன் இருந்தவர் கையேட்டை அப்படியே வாசித்தார், எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நாள் வரவில்லை. கேட்டால், “என் கணக்கில்தான் லீவு இருக்கிறதே” என்கிறார். நான் எப்படிப் பேசுவது?

பதில்: அவர் சொன்னதில் பாதி சரி. கணக்கில் விடுப்பு இருந்தது. அதை எடுக்க அனுமதி வாங்கவில்லை. இருப்பு வேறு, அனுமதி வேறு என்பதைப் பெரும்பாலான கையேடுகள் எங்கோ ஒரு பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உங்கள் உரையை அந்த இடத்தில் தொடங்குங்கள். முதல் நாளில் எல்லோரும் காத்திருப்பது லீவைப் பற்றிக் கேட்கத்தான். அதனால் விடுப்பை முதலில் வையுங்கள், நடத்தை விதி பின்னால் வரட்டும். இரண்டையும் கோக்கும் நூல் ஒன்றுதான்: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் செய்த காரியத்தால் இல்லை, அதை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லாததால்.

விடுப்பு வகைகளைப் பட்டியல் போட்டு வாசிக்க வேண்டாம். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு என்று வரிசையாகச் சொன்னால் மூன்றாவதைச் சொல்லும்போது முதலாவது மறந்திருக்கும். அதற்குப் பதில் ஒரே ஒருவருடைய கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். கீழே நான் போடும் கணக்கில் இருக்கும் விதிகள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் கையேட்டின் எண்களை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 18 நாள் ஈட்டிய விடுப்பு. மாதக் கடைசியில் ஒன்றரை நாள் வரவு. 15-ஆம் தேதிக்குள் சேர்ந்தவருக்கு அந்த மாதமும் சேரும். சனி, ஞாயிறு வார விடுமுறை. ஒருவர் ஏப்ரல் 6 திங்களன்று சேர்கிறார். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஜூன் 30 அன்று அவர் கணக்கில் நாலரை நாள். வீடு மாறுவதற்காக ஜூலை 9 வியாழன் முதல் 14 செவ்வாய் வரை லீவு கேட்கிறார். ஜூலைக்கான ஒன்றரை நாள் 31-ஆம் தேதிதான் சேரும் என்பதால் இப்போது அதைத் தொட முடியாது.

இங்கே நிறுத்தி, “எத்தனை நாள் கழியும்?” என்று அவையைக் கேளுங்கள். பாதிப் பேர் நான்கு என்பார்கள், மீதிப் பேர் ஆறு என்பார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம். நடுவில் வரும் சனி, ஞாயிற்றையும் விடுப்பாக எண்ணுவது உங்கள் விதி என்றால் ஆறு நாள். நாலரை போக மீதி ஒன்றரை நாள் சம்பளமில்லா விடுப்பு. எண்ணுவதில்லை என்றால் நான்கு நாள்தான் கழியும், அரை நாள் கையில் மிஞ்சும். கையேட்டை வாசித்தபோது தலையாட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் சம்பளச் சீட்டு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும், அப்புறம் உங்கள் அறைக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

மேடை ஏறும் முன் சம்பளப் பிரிவிடம் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மாதச் சம்பளத்தை அந்த ஜூலையின் 31 நாளால் வகுத்தால், ஒன்றரை நாள் பிடித்தம் சம்பளத்தில் ஏறத்தாழ 4.8 சதவீதம். 23 வேலை நாளால் வகுத்தால் 6.5 சதவீதம். வார விடுமுறையை விடுப்பில் சேர்த்து எண்ணிவிட்டு, பிடிக்கும்போது மட்டும் வேலை நாளால் வகுப்பது பணியாளரை இரண்டு பக்கமும் அடிக்கிற கணக்கு. இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு விதிகள் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வமில்லை, ஏனென்றால் ஒன்றைப் பணியாளர் பிரிவும் மற்றதைச் சம்பளப் பிரிவும் எழுதியிருப்பார்கள். அவையில் யாராவது கணக்குப் போட்டுக் கேட்பதற்கு முன் நீங்களே சரிசெய்துவிடுங்கள். பொது விடுமுறை நாட்களின் கதை வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தபட்ச ஆண்டு விடுப்பில் அவற்றைச் சேர்த்து எண்ணக் கூடாது என்கிறது. அது ஏற்று ஒப்புதல் அளித்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கணக்கு முடிந்ததும் அனுமதிக்கு வாருங்கள். என் யோசனையில் அந்த இடத்தை இப்படிப் பேசலாம்:

“உங்கள் கணக்கில் நாலரை நாள் இருக்கிறது. அது உங்களுடையது, யாரும் பறிக்க முடியாது. ஆனால் எந்த நாளில் எடுப்பது என்பதை நீங்களும் உங்கள் மேலாளரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் போட்டதாலேயே அனுமதி கிடைத்ததாக ஆகாது. ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பதில் வந்த பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள். மேலாளர் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், வேறு தேதியும் சொல்ல வேண்டும். இரண்டு வேலை நாளில் பதிலே வரவில்லை என்றால் என்னிடம் வாருங்கள்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். விதியில் பணியாளருக்கு மட்டும் கடமை இருந்து மேலாளருக்கு எதுவும் இல்லை என்றால், நான்கு நாள் காணாமல் போனவர்கள் மாதிரி இன்னும் பலர் வருவார்கள். கேட்டுப் பதில் வராமல் சலித்துப்போனவர்கள்தான் அடுத்த முறை கேட்காமல் போகிறார்கள். இரண்டு நாள் கெடுவை மேலாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் உரைக்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் முன்கூட்டி அனுமதி கேட்க முடியாது, தகவல் சொல்லத்தான் முடியும். இதைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: வேலை தொடங்கும் நேரத்துக்குள் நேரடி மேலாளருக்குத் தொலைபேசி அழைப்பு. எடுக்கவில்லை என்றால் குறுஞ்செய்தியும், பிரிவின் பொது எண்ணுக்கு ஓர் அழைப்பும். பக்கத்து இருக்கை நண்பரிடம் ‘சொல்லிவிடு’ என்பது தகவலாகாது. நண்பர் மறந்துவிட்டால் பதிவேட்டில் ‘அறிவிக்காமல் வராதவர்’ என்றுதான் ஏறும். பேசவே முடியாத நிலையில் இருந்தால் வீட்டில் யாராவது அழைக்கலாம். மருத்துவச் சான்று எத்தனையாவது நாளிலிருந்து வேண்டும் என்பதையும் எண்ணாகவே சொல்லிவிடுங்கள். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருந்தால், பிடித்தவரிடம் கேட்காமலும் பிடிக்காதவரிடம் கேட்டும் வாங்குகிற வழக்கம் வந்துவிடும்.

தொடர்ந்து வராமலும் தகவல் இல்லாமலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மிரட்டும் தொனி இல்லாமல், படிப்படியாகச் சொல்லுங்கள். முதலில் அழைப்போம், பிறகு பதிவில் உள்ள முகவரிக்குக் கடிதம் அனுப்புவோம், உங்கள் விளக்கத்தைக் கேட்போம், அதன் பிறகுதான் நடவடிக்கை. விளக்கம் கேட்காமல் வேலையை விட்டு நீக்கினால் அந்த முடிவு பிறகு நிற்காமல் போக வாய்ப்பு அதிகம். வீடு மாறினால் முகவரியை மாற்றச் சொல்லும் உத்தரவு வெறும் சடங்கில்லை என்பது இந்த இடத்தில் தானாகப் புரியும்.

நடத்தை விதியில் எல்லாவற்றையும் தொட முயல வேண்டாம். திருடக் கூடாது, பொய்க் கணக்கு எழுதக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாததில்லை. நல்லவர்களே இடறுகிற இடம் சொந்த நலன் குறுக்கிடும்போதுதான். கொள்முதல் பிரிவில் சேர்ந்த ஒருவரின் சித்தப்பா மகன் அச்சகம் நடத்துகிறார், அந்த அச்சகம் உங்களுக்கு விலைப்புள்ளி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் அச்சகம் நடத்துவதில் குற்றமில்லை. அவர் விலை மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருக்கலாம். விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன் அந்த உறவை எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டால் விஷயம் முடிந்தது. சொல்லாமல் இருந்து ஆறு மாதம் கழித்து வெளியே வந்தால், நேர்மையான விலைக்கே கொடுத்திருந்தாலும் நம்ப ஆளிருக்காது. எதைத் தெரிவிக்க வேண்டும் என்ற சந்தேகத்துக்கு ஓர் அளவுகோல் கொடுங்கள்: இது மேலாளருக்கு வேறு யார் மூலமாவது தெரியவந்தால் எனக்குச் சங்கடமா? ஆம் என்றால் இன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பரிசுப் பொருளுக்கும் இதே முறைதான்.

தொல்லை, அவமதிப்பு பற்றிய பகுதியை அவசரமாக முடிக்காதீர்கள். புகாரை யாரிடம் கொடுப்பது என்பதைப் பதவியோடும் பெயரோடும் சொல்லி, முடிந்தால் அவரையே எழுந்து நிற்கச் சொல்லுங்கள். புகாரே அவர் மேல் என்றால் வேறு யாரிடம் போவது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே பலரும் நல்லெண்ணத்தில் ஒரு தவறு செய்கிறார்கள். ‘முழு ரகசியம் காப்போம்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விசாரணை நடந்தால் குற்றம் சாட்டப்பட்டவரிடம் குற்றச்சாட்டைச் சொல்லியே ஆக வேண்டும், சாட்சிகளிடமும் கேட்க வேண்டும். ‘விசாரணைக்குத் தேவையானவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, புகார் கொடுத்ததற்காக யார் பழிவாங்கினாலும் அது தனிக் குற்றம்’ என்று சொல்லுங்கள். காப்பாற்றக்கூடிய வாக்கு அதுதான்.

பேசும்போது வாய் தவறி விதியைத் தளர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பொதுவாக நாங்கள் லீவை மறுப்பதில்லை’ என்று சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை, பிறகு ஒரு மறுப்பின்போது உங்கள் பெயரோடு திரும்பி வரும். பேச்சுக்கும் கையேட்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் கையேட்டில் உள்ளதே விதி என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்தை அன்றைக்கே வாங்க வேண்டாம். முதல் நாளில் நீட்டிய எல்லாத் தாளிலும் படிக்காமல் கையெழுத்திடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், பிறகு விசாரிப்பவருக்கும் தெரியும். கையேட்டைக் கொடுத்து ஒரு வாரம் கழித்து, ‘பெற்றேன், படித்தேன், சந்தேகங்களைக் கேட்டேன்’ என்ற வாசகத்தின் கீழ் வாங்குங்கள். கடைசி பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் ஊகித்துச் சொல்லாமல் எழுதிக்கொண்டு, இரண்டு நாளுக்குள் கேட்டவருக்கு மட்டுமில்லாமல் அன்று அங்கே இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள்.