ஹேக்கத்தான் போர்டில் கார்டுக்கு முன்னால் செக்பாயிண்ட்

கேள்வி: நாங்கள் நாலு பேர், அடுத்த வாரம் இரண்டு நாள் ஹேக்கத்தான். சாதாரண போர்டு ஒன்று போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு செக்பாயிண்ட் வைத்து வேலை செய்யலாம் என்று இருக்கிறோம். வேலையை எப்படிப் பிரித்துப் போடுவது?

பதில்:

முதலில் செக்பாயிண்ட்டுகளை எழுதுங்கள், கார்டுகள் அப்புறம். பல டீம்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. உட்கார்ந்ததும் போர்டு நிறைய கார்டு எழுதிவிட்டு, நாலு மணி நேரம் கழித்துக் கூடி "எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்பார்கள். "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று பதில் வரும். அந்தக் "கிட்டத்தட்ட"வை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. செக்பாயிண்ட் என்பது ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். பதிலை வாயால் சொல்லக் கூடாது, ஓட்டிக் காட்ட வேண்டும். "இல்லை" என்றால் எதை விட்டுவிடுவோம் என்பதையும் அதே கார்டில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்தால் மருந்தின் பெயரையும் வேளையையும் படித்து, அந்தந்த நேரத்துக்கு நினைவூட்டும் ஒரு வெப் ஆப். சனி காலை 10 மணிக்குத் தொடக்கம், ஞாயிறு மாலை 4 மணிக்கு டெமோ. கணக்குக்கு 30 மணி நேரம். தூக்கமும் சாப்பாடும் போக ஒருவருக்கு 18 மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தாலே பெரிய விஷயம்.

கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 4 மணிக்கு டெமோ என்றால் 1 மணிக்குக் கோட் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு ஒத்திகை, ஸ்லைடு, பிழை திருத்தம் மட்டும்தான். அப்படியானால் கடைசி வசதி ஞாயிறு காலை 10 மணிக்குள் உள்ளே வந்திருக்க வேண்டும். சனிக்கிழமையில் 2, 6, 10 மணி. ஆக மொத்தம் ஐந்து செக்பாயிண்ட்டுகள். இதற்கு மேல் வைத்தால் கூட்டம் போடவே நேரம் சரியாக இருக்கும்.

சனி 2 மணிக்கான கேள்வி இது: போனில் ஒரு பட்டனைத் தட்டினால், இணையத்தில் இருக்கும் சர்வர் வரை போய், பொய்யான தரவாவது திரும்பி வந்து திரையில் தெரிகிறதா? எந்த வசதியும் வேலை செய்ய வேண்டாம், எலும்புக்கூடு நடந்தால் போதும். லேப்டாப்பில் ஓடுவது கணக்கில் வராது. இந்த ஆப்பையே பாருங்கள். பக்கத்துக்குள்ளேயே கேமராவைத் திறக்கும்படி எழுதியிருந்தால், லேப்டாப்பில் `localhost`-ல் ஒழுங்காகத் திறக்கும். அதையே போனில் வெறும் `http://` முகவரியில் திறந்தால் பிரவுசர் கேமராவைத் தராது, `https://` கேட்கும். இது சனி மதியம் தெரிந்தால் அரை மணி நேர வேலை. ஞாயிறு மதியம் தெரிந்தால் டெமோவே போச்சு.

எலும்புக்கூடு சீக்கிரம் நிற்க, முதல் மணி நேரத்திலேயே தரவின் வடிவத்தைப் பேசி முடித்து போர்டின் தலையில் ஒட்டிவிடுங்கள்:

```json
{"medicine": "Paracetamol",
 "dose": "500 mg",
 "times": ["08:00", "20:00"]}
```

திரை செய்பவர் இதே வடிவத்தில் பொய்த் தரவை வைத்து வேலையை ஓட்டலாம். சீட்டைப் படிக்கும் பகுதியைச் செய்பவர் கடைசியில் இதே வடிவத்தைக் கொடுத்தால் போதும். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை.

6 மணி செக்பாயிண்ட்தான் முக்கியமானது, ஏனென்றால் புராஜெக்டிலேயே சந்தேகமான பகுதி அங்கே வருகிறது. அந்தக் கார்டில் இப்படி எழுதியிருக்க வேண்டும்:

"மேசையில் இருக்கும் 5 சீட்டுகளில் 4-லாவது மருந்தின் பெயர் சரியாக வருகிறதா? இல்லையென்றால் அச்சிட்ட சீட்டுகள் மட்டும். அதுவும் வராவிட்டால் பயனரே டைப் செய்யும் படிவம்."

6 மணிக்கு ஓட்டிப் பார்க்கிறீர்கள். அச்சிட்ட இரண்டு சீட்டுகளும் சரியாக வருகின்றன, கையால் எழுதிய மூன்றிலும் கன்னாபின்னாவென்று எழுத்து. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மாதிரியான இலவசக் கருவி என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான், அது அச்செழுத்துக்காகச் செய்யப்பட்டது. அந்தப் பகுதியைச் செய்தவர் கண்டிப்பாக "இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க, படத்தோட கான்ட்ராஸ்ட்டை ஏத்திப் பாக்குறேன்" என்பார். நல்லவர்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரம் நள்ளிரவு வரை நீளும். காலையில் எல்லோரும் தெளிவாக இருந்தபோது எழுதிய வரி இங்கேதான் கைகொடுக்கிறது. வாக்குவாதமே வேண்டாம், கார்டைப் படித்துவிட்டு அச்சிட்ட சீட்டுக்கு மாறிவிடலாம். மிச்சமாகும் நேரத்தில், படித்ததைப் பயனரிடம் காட்டி "இது சரியா?" என்று கேட்டு உறுதிசெய்யும் திரையைச் செய்யுங்கள். மருந்தின் அளவு தப்பாகப் பதிவானால் ஆபத்து என்பதை யோசித்திருக்கிறீர்கள் என்று நடுவருக்கு அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி போர்டு. நாலு பத்தி போதும்: எடுக்கணும், கையில், ஓடுது, வெட்டியது. ஒரு கார்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தோன்றினால் உடைத்து எழுதுங்கள். ஒருவர் கையில் ஒரே ஒரு கார்டுதான். நாலு பேருக்கு "கையில்" பத்தியில் ஐந்தாவது கார்டு தெரிந்தால் யாரோ எங்கோ சிக்கியிருக்கிறார் என்று அர்த்தம். "ஓடுது" பத்திக்குச் செய்தவரே நகர்த்தக் கூடாது, வேறொருவர் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு செக்பாயிண்ட்டுகளிலும் ஒரே கார்டு "கையில்" இருந்தால், அதற்கு இன்னொருவரைச் சேர்ப்பதா வெட்டுவதா என்று அங்கேயே முடிவெடுங்கள். வெட்டிய கார்டைக் கிழித்துப்போட வேண்டாம், "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று நடுவர் கேட்கும்போது உதவும்.

செக்பாயிண்ட் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நின்றுகொண்டே நடத்துங்கள், போனில் ஓட்டுங்கள், பதிலைக் கார்டில் எழுதுங்கள். பதில் "ஆம்" என்றால் அந்த நிலையை அப்படியே குறித்து வையுங்கள்:

```
git tag cp2
git push origin cp2
```

ஞாயிறு மதியம் 12:40-க்கு யாராவது எதையாவது உடைத்துவிட்டால், தேடிக்கொண்டிருக்காமல் `cp4`-க்குத் திரும்பிவிடலாம்.

சனி இரவு 10 மணிக் கேள்வி: அரைகுறையாகவாவது முழு டெமோவையும் ஒரு முறை தொடக்கத்திலிருந்து கடைசிவரை நடத்த முடிகிறதா? நடத்திப் பார்த்தால்தான் சில கார்டுகள் பிறக்கும். இந்த ஆப்பில் நினைவூட்டல் காலை 8 மணிக்கு வரும். டெமோவோ மாலை 4 மணிக்கு. ஆக "இப்போதே நினைவூட்டு" என்று ஒரு மறைவான பட்டன் வேண்டும். எந்தத் திட்டத்திலும் முதலில் எழுதப்படாத கார்டு இதுதான். அதற்கப்புறம் தூங்கப் போங்கள். நள்ளிரவுக்கு மேல் எழுதும் கோட் என்ன செய்கிறது என்று காலையில் பிரித்துப் பார்ப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

ஞாயிறு 1 மணிக்குக் கோட் எழுதுவதை நிறுத்தியதும் முதல் வேலை, ஓடுகிற ஆப்பைத் திரைப்பதிவு செய்து வைப்பது. அரங்கத்து வைஃபை எல்லா டீமும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது படுத்துவிடும், அப்போது அந்த வீடியோவைத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

ட்ரெல்லோவா, சுவரில் ஒட்டும் சீட்டா என்பது உங்கள் வசதி. ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள் என்றால் சுவரைத்தான் சொல்வேன், யாரும் டேபைத் திறக்காமலே கண்ணில் படும்.