இயக்குநர் குறிப்பில் எதுவரை சொல்லலாம்?

கேள்வி: எங்கள் குழு இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றுகிறது. கையேட்டுக்கு இயக்குநர் குறிப்பு எழுத வேண்டும். பின்னணியைச் சொல்லாவிட்டால் அந்தக் காலத்து நார்வே பலருக்குப் புரியாது, சொன்னால் கதையே வெளியே வந்துவிடுகிறது. எதுவரை சொல்லலாம்?

பதில்: திரை விலகும் நேரத்தில் பாத்திரங்களுக்கு என்னவெல்லாம் தெரியுமோ, அதையெல்லாம் பார்வையாளருக்கும் சொல்லலாம். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் மறைப்பதும், நாடகம் ஓட ஓட அவர்கள் கண்டுகொள்வதும் குறிப்புக்குள் வரக்கூடாது.

1879இல் எழுதப்பட்ட இந்த நாடகத்தில் அந்தக் கோடு தெளிவாகவே விழுகிறது. மணமான பெண் கணவனின் சம்மதமில்லாமல் கடன் வாங்க முடியாது என்பது நாயகி நோரா, அவள் கணவர் ஹெல்மர், தோழி லிண்டே அம்மாள் எல்லாருக்கும் தெரிந்த ஊர் நடப்பு. முதல் அங்கத்தில் லிண்டே அம்மாள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நம் பார்வையாளர் அந்த வரியைத் தவறவிட்டால் நோராவின் பயம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. ஆகவே இது குறிப்பில் இருக்க வேண்டும். ஆனால் கடனை மட்டும் தனியே எடுத்துச் சொன்னால், 'அப்படியானால் இவள் கடன் வாங்கியிருக்கிறாள்' என்று அரங்கில் விளக்கு அணையும் முன்பே யாராவது ஊகித்துவிடுவார்கள். வேறு இரண்டு செய்திகளுக்கு நடுவில் வையுங்கள். இப்படி:

"1879ஆம் ஆண்டு, நார்வே. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வீட்டின் வரவுசெலவும் கையெழுத்தும் கணவருடையவை; மனைவி அவருடைய சம்மதமில்லாமல் கடன்கூட வாங்க முடியாது. ஒரு மனிதரின் வேலை அவருடைய நல்ல பெயரில் நிற்கிறது. ஹெல்மர் குடும்பத்துக்கு இது நல்ல நேரம்: புத்தாண்டில் அவர் வங்கி மேலாளராகப் பொறுப்பேற்கிறார்."

இங்கே நிறுத்திவிடுங்கள். நோரா போட்ட கள்ளக் கையெழுத்து, அவளுக்குக் கடன் கொடுத்த குரோக்ஸ்டாட்டின் கடிதம், கடைசியில் அவள் வீட்டை விட்டுப் போவது எதையும் தொடக்கூடாது.

இரண்டாம் அங்கத்தில் வரும் தாரன்தெல்லா நடனத்துக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கலாம். தென் இத்தாலி நடனம் அது. சிலந்திக் கடியின் விஷம் இறங்க, கடிபட்டவர் வெறிகொண்டு ஆட வேண்டும் என்ற நாட்டார் நம்பிக்கையோடு சேர்த்துப் பேசப்படுவது. யார் ஆடுகிறார், ஏன் ஆடுகிறார் என்று சொல்ல வேண்டாம். நம்பிக்கையை மட்டும் சொன்னால் போதும், அந்தக் காட்சி வரும்போது பார்ப்பவரே முடிச்சுப் போட்டுக்கொள்வார். நல்ல குறிப்பு செய்யும் வேலை இதுதான்: திறவுகோலைக் கையில் கொடுத்துவிட்டு, கதவு எது என்று சொல்லாமல் இருப்பது.

கதை வெளிப்படுவது பெரும்பாலும் கதைச்சுருக்கத்தால் அல்ல, கருத்தால். "ஒரு பெண் தன் விடுதலையைத் தேடும் பயணம்" என்று எழுதினாலே மூன்றாம் அங்கம் போய்விட்டது. 'துணிச்சல்', 'விழிப்பு' போன்ற சொற்களும் அப்படித்தான். முதல் காட்சியில் பணத்தை எண்ணிக்கொண்டு, இனிப்பை ஒளித்துத் தின்னும் நோராவைப் பார்வையாளர் அப்படியே பார்க்க விடாமல் செய்துவிடும். இன்னொன்று, ஜெர்மன் மேடைக்காக இப்சனே மாற்று முடிவு எழுத நேர்ந்த கதை. இயக்குநர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி அது. முடிவே அதில் அடங்கியிருப்பதால், நாடகத்துக்குப் பின் நடக்கும் உரையாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'இது உலகப் புகழ்பெற்ற முடிவுதானே, எல்லாருக்கும் தெரியும்' என்று விட்டுவிடாதீர்கள். முதன்முறையாகப் பார்க்க வருபவர் ஒருவராவது அரங்கில் இருப்பார்.

பாத்திரப் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள். டாக்டர் ராங்க்குக்கு 'குடும்ப நண்பர்' என்பதே சரி. நோராவிடம் அவர் மனம் திறப்பது இரண்டாம் அங்கத்தில்தான். லிண்டே அம்மாளுக்கு 'நோராவின் பள்ளித்தோழி' போதும், குரோக்ஸ்டாட்டோடு அவருக்கிருந்த பழைய உறவு பட்டியலில் தலைகாட்டக்கூடாது. அட்டைப்படத்தில் திறந்த கதவையும் தவிர்த்துவிடுங்கள்.

அளவு 150 முதல் 200 சொற்கள். இருக்கையில் அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில், ஐந்து நிமிடத்துக்குள் படிப்பார்கள். எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். நன்றியுரையைத் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் நாடகத்தை அறியாத இருவரிடம் குறிப்பைக் கொடுத்து, "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால், எந்தச் சொல் அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டு அதை எடுத்துவிடுங்கள். பிறகு அதே இருவரை முழு ஒத்திகைக்கு அழைத்து, லிண்டே அம்மாள் கடனைப் பற்றிப் பேசும் வரி வரும்போது அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். நிமிரவில்லையென்றால் அந்தச் செய்தி குறிப்பில் அமுங்கிப்போயிருக்கிறது. ஒரு வாக்கியம் முன்னால் நகர்த்துங்கள்.