பதற்ற டைரி: காரணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

புதிதாகத் தொடங்குபவர்: டைரியில் என்னதான் எழுதணும்? பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்து, இரண்டாம் நாளே விட்டுவிட்டேன்.

ஒரு பதிவு இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் யாருமே தொடர மாட்டார்கள். நேரம், அப்போது என்ன நடந்தது, மனதில் ஓடிய ஒரே ஒரு வாக்கியம், உடம்பில் எங்கே தெரிந்தது, பதற்றத்துக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண், அதன் பிறகு என்ன செய்தீர்கள். இவ்வளவுதான். மாதிரிக்கு ஒன்று:

*மாலை 6.40. "நாளைக்குப் பேசலாம்" என்று மேலாளரிடமிருந்து செய்தி. "என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க." நெஞ்சு இறுக்கம், உள்ளங்கை ஈரம். 7. பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். 7.15-க்கு 4.*

மனதில் ஓடிய வாக்கியத்தை வந்தபடியே எழுதுங்கள். நிறையப் பேர் அங்கே "வேலைச் சுமை" என்று நாகரிகமாக எழுதிவிடுவார்கள். அது நீங்கள் பின்னால் சொல்லும் விளக்கம், அந்த நிமிடம் பயமுறுத்திய நினைப்பு அல்ல. மேலே உள்ள செய்தியையே பாருங்கள். அதே இரண்டு சொற்கள் இன்னொருவருக்கு 1 கூடத் தராது. கடைசியில் வரும் "என்ன செய்தேன்" என்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்பது கீழே ஒருவருடைய கேள்வியில் வரும்.

கணக்குப் பார்ப்பவர்: நேற்று போட்ட 6-ம் இன்று போட்ட 6-ம் ஒன்றுதான் என்று எப்படி நம்புவது?

சும்மா தோன்றியதைப் போட்டால் நம்ப முடியாது. மனநலத் துறையில் ஜோசப் வோல்ப்பி கொண்டுவந்த 0 முதல் 100 வரையிலான அளவை இன்றும் பயன்படுத்துகிறோம். டைரிக்கு 0 முதல் 10 போதும். ஆனால் தொடங்கும் முன் மூன்று நான்கு எண்களுக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்தே அடையாளம் வைத்து, அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள். "3: தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இருப்பது. 5: உள்ளே உறுத்தல் இருந்தாலும் ஒரு பக்கம் படித்துப் புரிந்துகொள்ள முடியும். 8: எதிரில் பேசுபவரின் சொற்கள் காதில் விழுகின்றன, மனதில் ஏறவில்லை." இந்த மாதிரி, அந்த நிலையில் உங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை வைத்துக் குறித்தால் எண் அவ்வளவு எளிதில் நழுவாது. ஆறரை, ஆறே முக்கால் எல்லாம் வேண்டாம்.

உச்சத்தில் ஒரு எண், அரை மணி நேரம் கழித்து ஒரு எண் என்று இரண்டு போடுங்கள். உச்சம் பல வாரம் 7-லேயே நிற்கலாம். ஆனால் முன்பு இரண்டு மணி நேரம் இழுத்தது இப்போது இருபது நிமிடத்தில் இறங்குகிறது என்றால் அதுவும் மாற்றம்தான். உச்சத்தை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

கொஞ்சம் படித்தவர்: ராத்திரி உட்கார்ந்து எழுதினால் ஞாபகம் ஏமாற்றும், மோசமான கட்டம்தான் மனதில் நிற்கும் என்று படித்திருக்கிறேன். அதனால் பதற்றம் வரும்போதே எழுதிவிடுகிறேன். போதும்தானே?

ஞாபகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. "போதும்" என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. பதற்றம் வந்தபோது மட்டும் எழுதினால், அது வராத நேரத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவே இருக்காது. ஐந்து முறை பதற்றம் வந்தது, ஐந்திலும் பக்கத்தில் அதே ஆள் இருந்தார் என்று டைரி காட்டும். அவர் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் ஆகாத ஐம்பது முறையை அது காட்டாது. காலை, மதியம், இரவு என்று மூன்று நேரம் முடிவு செய்து, அமைதியாக இருந்தாலும் "மதியம் 1.30. 2. கூட்டம் முடிந்து வந்தேன்" என்று ஒரு வரி போடுங்கள். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காரணத்தைப் பிடித்துக் கொடுப்பது அந்த வரிதான்.

அலுவலக ஊழியர்: நான் அந்தச் சலிப்பான வரிகளையும் சேர்த்து நான்கு வாரம் எழுதிவிட்டேன். திங்கட்கிழமைக் கூட்டம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. மேலாளரிடம் சொல்லி விலகிவிடலாமா?

பொறுங்கள். வேறு நாட்களில் கூட்டம் இல்லையா? முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று குறித்திருக்கிறீர்களா?

அலுவலக ஊழியர்: வியாழனும் அதே கூட்டம், அதே ஆட்கள். திங்கள் எண்கள் 7, 8, 3, 7. வியாழன் 2, 3, 2, 6. தூக்கம் குறித்திருக்கிறேன். திங்களுக்கு முந்தின ராத்திரி 4, 4, 7, 5 மணி நேரம். மற்ற நாட்களில் ஏழு வரும், அந்த 6 போட்ட வியாழன் தவிர. அன்று நாலரைதான். ஓ…

அந்த "ஓ" சரிதான். கூட்டம் எட்டு முறை நடந்திருக்கிறது, நான்கு முறைதான் பதற்றம் ஏறியிருக்கிறது. அந்த நான்கும் தூக்கம் ஐந்து மணி அல்லது அதற்குக் கீழே போன நாட்கள். ஏழு மணி தூங்கிய திங்கட்கிழமை வெறும் 3. கூட்டத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். தூங்காத நாளில் எது கிடைத்தாலும் மனம் பற்றிக்கொள்ளும், உங்களுக்குக் கூட்டம் கிடைத்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. திங்களை நினைத்துப் பயந்ததால்தான் ஞாயிறு ராத்திரி தூக்கம் போயிருக்கலாம். ஞாயிறு இரவுப் பதிவுகளைப் பாருங்கள். படுக்கும்போதே 5, 6 இருந்தால் பயம் முதலில் வந்தது. 1, 2-தான், ஆனாலும் தூக்கம் வரவில்லை என்றால் அன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், மதியம் தூங்கினீர்களா என்று தேடுங்கள்.

அலுவலக ஊழியர்: இரவு 2-தான். ஆனால் ஞாயிறு காலை பத்தரைக்கு எழுந்து, மதியம் வேறு இரண்டு மணி நேரம் தூங்குகிறேன்.

அப்படியானால் அடுத்த இரண்டு மூன்று வாரம் ஞாயிறு மட்டும் மற்ற நாள் போலவே எழுந்திருங்கள், மதியத் தூக்கம் வேண்டாம். வேறு எதையும் மாற்றாதீர்கள். காபியையும் குறைத்து, மூச்சுப் பயிற்சியும் தொடங்கி, கூட்டத்திலிருந்தும் விலகினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. எட்டு கூட்டம் என்பது சின்னக் கணக்கு, இது தற்செயலாகக்கூட இருக்கலாம். திங்கள் எண் இறங்கவில்லை என்றால் என் ஊகம் தப்பு. திரும்ப வந்து சொல்லுங்கள்.

தங்கை ஒருத்தி: என் அண்ணனுக்குத்தான் பதற்றம். அவர் எழுத மாட்டார். நான் கவனித்து எழுதட்டுமா?

வேண்டாம். அவர் மனதில் ஓடிய வாக்கியமும் எண்ணும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் எழுதினால் கண்காணிப்பாகிவிடும். அவர் கேட்டுக்கொண்டால் மட்டும், தூங்கப் போன நேரம் மாதிரி வெளியே தெரிவதைக் குறித்துக் கொடுங்கள்.

மாடிப்படிக்காரர்: இரண்டு வாரமாக 2-ஐத் தாண்டவே இல்லை. லிஃப்ட் பயம் போய்விட்டது என்று நினைக்கிறேன். டைரியை நிறுத்தலாமா?

இந்த இரண்டு வாரத்தில் லிஃப்டில் எத்தனை முறை போனீர்கள்?

மாடிப்படிக்காரர்: போகவில்லை. உடற்பயிற்சி ஆகட்டும் என்று ஆறு மாடியும் ஏறித்தான் போகிறேன்.

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். பயப்படுவதைச் சந்திக்காமலே இருந்தால் எண் இறங்கத்தான் செய்யும். அதனால் "தவிர்த்தது" என்று ஒரு வரி சேருங்கள்: "லிஃப்ட் வந்தது, படி ஏறினேன். போயிருந்தால் 7 இருக்கும் என்று தோன்றியது." முதல் பதிலில் சொன்ன "என்ன செய்தேன்" இதற்காகத்தான். போனைக் கவிழ்ப்பது, யாரையாவது துணைக்குக் கூப்பிடுவது, கதவோரமாகவே உட்காருவது எல்லாம் அந்த நேரத்துக்கு எண்ணைக் குறைக்கும், பயத்தை அப்படியே வைத்திருக்கும். பயம் குறையும்போது தவிர்த்த வரிகளும் குறைய வேண்டும். எண் மட்டும் குறைந்து இந்த வரிகள் கூடினால் பயம் சும்மா பதுங்கியிருக்கிறது.

நாடி பார்ப்பவர்: எழுத ஆரம்பித்ததிலிருந்து பதற்றம் கூடிவிட்டது. இதயம் சரியாகத் துடிக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து அதையும் எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள் எண் ஏறுவது பலருக்கு நடக்கும், கவனிக்க ஆரம்பித்ததால் கண்ணில் படுகிறது. உங்களுடையது அது இல்லை. நாடி பார்ப்பதே உங்கள் பதற்றத்தின் பகுதி, டைரி அதற்குத் தீனி போடுகிறது. உடம்பு பற்றிய வரியை எடுத்துவிட்டு, இரவு ஒரே ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

மனநலப் பிரிவுச் செவிலியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நோய் பயம் இருப்பவர்களிடம் நான் டைரியைக் கையிலேயே கொடுப்பதில்லை. ஒரு முறை என்றால் ஒரு மாதத்தில் இருபது முறையாகிவிடும்.

நீங்கள் தினமும் பார்ப்பவர், உங்கள் பயம் நியாயம்தான். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். எத்தனை முறை நாடி பார்த்தார் என்பதை மட்டும் கோடு போட்டு எண்ணியவர்களுக்கு அந்தப் பழக்கம் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. கேட்டவர் எப்படியும் ஒரு சிகிச்சையாளரோடு சேர்ந்து இதைச் செய்வது நல்லது.

ஒரு வாசகர்: எனக்குக் காரணமே இல்லாமல் வருகிறது. அந்த இடத்தைக் காலியாக விடலாமா?

தாராளமாக விடுங்கள், இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். அதற்குப் பதிலாக அதற்கு முந்தின ஆறு மணி நேரத்தைக் குறியுங்கள்: சாப்பாடு தவறியதா, காபி எப்போது, எத்தனை கப். காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மதியம் குடித்தது மாலைப் படபடப்பில் இருக்க வாய்ப்புண்டு. சில சமயம் உடம்பே தூண்டிவிடும். வேகமாக நடந்து இதயம் துடிக்கும், அந்தத் துடிப்பைப் பார்த்துப் பயம் வரும். மாதவிடாய் வருபவர்கள் அந்தத் தேதிகளையும் ஓரத்தில் குறித்துவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஏதாவது ஒழுங்கு தெரியலாம்.

அப்போதும் எதனோடும் பொருந்தவில்லை, கூடவே கை நடுக்கம், எடை குறைவு, வெப்பம் தாங்காமை இருக்கிறது என்றால் மருத்துவரிடம் போய்த் தைராய்டு பாருங்கள், டைரியையும் கொண்டுபோங்கள். முதல்முறையாக நெஞ்சுவலி, மயக்கம் என்று வந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வந்தாலும் அப்படியே. அதற்கு மதிப்பெண் போட்டு நாலு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும்.