சப் மீட்டர் வைத்த வீட்டில் யூனிட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: ஒரே இ.பி. மீட்டர், மூன்று போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் சப் மீட்டர். ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார், மோட்டாருக்குத் தனிக் காசு. தண்ணீர் லாரிக்கும் சமமாகப் பிரிக்கிறார். இது சரியான கணக்குதானா?

சென்னையில் இதே மாதிரி வீட்டில் நாங்கள் மூன்று வருடம் இருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம், ஐந்து பேர். மாடியில் முன்பக்கம் நான்கு பேர், ஏசி உண்டு. பின்பக்கம் நானும் மனைவியும். அங்கே யூனிட் 8 ரூபாய், மோட்டாருக்கு வீட்டுக்கு 150. ஊரில் எல்லோரும் அப்படித்தானே வாங்குகிறார்கள் என்று நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2023 தொடக்கத்தில் ஒருநாள் வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறேன், பில்லை நீங்களே ஆன்லைனில் கட்டிவிடுங்கள் தம்பி என்று சர்வீஸ் நம்பரைக் கொடுத்தார். அப்போதுதான் முழுப் பில்லை முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், 3,830 ரூபாய். முன்பக்கத்தார் சப் மீட்டரில் 310, எங்களுடையதில் 130. எட்டு ரூபாய் வீதம் நாங்கள் இரண்டு வீடும் கொடுத்தது 3,520, மோட்டாருக்கு 300, ஆக 3,820. அதாவது கீழ் வீட்டின் 190 யூனிட்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து அவர் கையிலிருந்து போனது பத்து ரூபாய்!

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் கடைசி ஸ்லாப் 9 ரூபாய் என்று இருந்ததைப் பார்த்து, நான் ஒரு ரூபாய் குறைத்துத்தானே வாங்குகிறேன் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். உங்கள் ஓனரும் அநேகமாக அதே இடத்தில்தான் தடுக்கியிருப்பார்.

தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் கட்டணம் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முதல் 100 இலவசம், 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9. எங்கள் 720 யூனிட்டில் ஒன்பது ரூபாய்க்கு வந்தது கடைசி 120 மட்டும்தான். 3,830-ஐ 720-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய் 32 காசு. அந்த மாதம் எங்கள் வீட்டு ரேட் அதுதான். ஒவ்வொரு பில்லிலும் அது மாறும், வருடம் முழுக்க ஒரே ரேட் என்பதே தப்பு. (2024 ஜூலையில் ரேட் கொஞ்சம் ஏறியது. வகுக்கிற முறை அதேதான்.)

அப்புறம் மோட்டார். மூன்று சப் மீட்டரையும் கூட்டினால் 630 வருகிறது, இ.பி. மீட்டரில் 720. நடுவில் தொலைந்த 90 யூனிட் எங்கே போனது என்று பார்த்தோம். ஒரு எச்.பி. மோட்டார் ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினம் ஒரு மணி இருபது நிமிடம் ஓடியது, அறுபது நாளுக்கு 80. மாடிப்படி விளக்கு 9 வாட், இரவு முழுக்க எரிந்தாலும் ஆறு ஏழு யூனிட். மிச்சம் மூன்று நான்கு யூனிட் மீட்டர்களுக்கு இடையிலான வித்தியாசம், அதற்குச் சண்டை போட வேண்டாம். இதுவே முப்பது நாற்பது யூனிட் கணக்கில் வராமல் நின்றால், ஏதோ ஒரு லைன் சப் மீட்டரைத் தொடாமல் போகிறது, அல்லது ஒரு மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். ரீடிங்கை இ.பி. ஆள் வந்து எடுக்கிற அதே நாளில் மூன்று வீடும் எடுக்கவில்லை என்றாலும் இந்தக் குழப்பம் வரும்.

அந்த 90-ஐ வீட்டுக்கு முப்பது என்று பிரிக்காமல் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தோம். மோட்டார் ஓடுவது தண்ணீருக்கு, தண்ணீரைச் செலவழிப்பது ஆட்கள். பதினொரு பேரில் எங்களுக்கு 16, முன்பக்கத்துக்கு 33, கீழே 41. ஆக எங்கள் யூனிட் 146, அந்த மாதம் நியாயமாக வரவேண்டியது 777 ரூபாய். நாங்கள் கொடுத்தது 1,190.

சராசரி ரேட்டிலும் ஒரு குறை உண்டு. ஸ்லாபை மேலே தள்ளியது முன்பக்கத்து ஏசி, அதன் பாரத்தில் ஒரு பங்கு எங்கள் தலையிலும் விழுகிறது. அதையும் பிரிக்கலாம்தான், ஆனால் அந்தக் கணக்கை மாடிப்படியில் நின்று நாலு பேருக்கு விளக்கிப் பாருங்கள். எல்லோரும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய கணக்குதான் நிலைக்கும்.

உண்மையில் காசு கரைவது வேறு இடத்தில். எங்கள் 130 யூனிட்டுக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால், 500-க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை அப்போது 2.25 என்பதால், பில் 67 ரூபாய் 50 காசு. மோட்டார், மாடிப்படி விளக்கின் 90 யூனிட்டை விட்டுவிட்டு மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகப் போட்டால் மொத்தமே 990. ஒரே மீட்டரில் சேர்ந்திருப்பதால் இலவச 100 யூனிட் மூன்று முறைக்குப் பதில் ஒரே முறை கிடைக்கிறது, ஸ்லாபும் எகிறுகிறது. தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்படி ஓனரிடம் பேசிப் பாருங்கள்.

சப் மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் ஒரு சோதனை. உங்கள் போர்ஷனுக்குள் இருக்கிற எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள், சிமிட்டக் கூடாது. அப்படியே மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். இப்போது சிமிட்டினால், மோட்டார் உங்கள் மீட்டரில் ஓடுகிறது, அதற்குமேல் தனிக் காசும் கொடுக்கிறீர்கள். வேகத்தைப் பார்க்க, வாளித் தண்ணீரில் 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் போடுங்கள். மீட்டரில் 3200 imp/kWh, அதாவது யூனிட்டுக்கு 3200 சிமிட்டல், என்று அச்சிட்டிருந்தால் நிமிடத்துக்கு ஐம்பதை ஒட்டிச் சிமிட்ட வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய வரலாம். எழுபது வந்தால் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கும் மீட்டர் வைக்கலாமே என்று முன்பக்கத்தார் கேட்டார். பிளம்பர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பாத்ரூமுக்கு ஒரு பைப், சமையலறைக்கு ஒரு பைப் என்று தனித்தனியாக இறங்குகிறது, மூன்று வீட்டுக்கு ஆறு மீட்டர் வேண்டும். மாடிக்குப் பிரஷரும் குறைவு. சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயின் நீரை முள் மீட்டர் கணக்கிலேயே எடுக்காது. அதனால் லாரித் தண்ணீரையும் தலைக்கணக்கில் போட்டோம். 1,100 ரூபாய் என்றால் எங்களுக்கு 200, கீழே 500. விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் அவரும் ஒரு தலை. இந்த விதியை முன்மொழிந்தது வீட்டுக்காரம்மாதான், அடுத்த மாதமே அவர் தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

எடுத்தவுடன் ஒன்பது ரூபாய் அதிகம் என்று ஆரம்பிக்காதீர்கள். சர்வீஸ் நம்பரையும் கடைசி பில்லையும் மட்டும் கேளுங்கள். மொத்த ரூபாயை மொத்த யூனிட்டால் வகுத்து, அவர் முன்னாலேயே போனில் போட்டுக் காட்டுங்கள்.