தாத்தா எந்த வருஷம் காலமானார்? பூர்வீக சொத்தில் மகளின் பங்கு: கேள்வி பதில்

திருவல்லிக்கேணி வாசகி: எங்கள் வீடு தாத்தா சம்பாதித்து வாங்கினது. அப்பா 1998-ல் உயில் எதுவும் எழுதாமல் தவறிவிட்டார். அம்மா இருக்கிறார். நாங்கள் இரண்டு பெண், இரண்டு ஆண். எனக்கு 1985-ல் கல்யாணம், தங்கைக்கு 1994-ல். இப்போது பில்டர் வந்து கேட்கிறார். "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, வீட்டுல என்ன பங்கு" என்கிறார்கள் தம்பிகள். எனக்குப் பங்கு உண்டா மேடம்?

உண்டு. எவ்வளவு என்று சொல்ல எனக்கு ஒரு விவரம் வேண்டும். தாத்தா எந்த வருஷம் காலமானார்? தாத்தாவுக்கு உங்கள் அப்பாவைத் தவிர வேறு பிள்ளைகள் உண்டா?

திருவல்லிக்கேணி வாசகி: 1949. அப்பா ஒரே பிள்ளை. ஆனால் அது எதற்கு? தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம்தானே?

சென்னையில் சிவில் வழக்குகள் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தியிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். தாத்தா வாங்கினது என்பதாலேயே ஒரு வீடு பூர்வீகம் ஆகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 17-6-1956. அதற்கு முன்னால் தாத்தா இறந்திருந்தால், சொத்து உங்கள் அப்பா கைக்கு வந்தபோதே அவருடைய பிள்ளைகளுக்கும் அதில் பிறப்புரிமை ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் கூட்டுக்குடும்பச் சொத்து. அதற்குப் பின்னால் இறந்திருந்தால், அதே வீடு 8-வது பிரிவின்படி அப்பாவுக்கு வாரிசாக வந்த தனிச்சொத்து. பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்பால் உரிமை இல்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

உங்கள் தாத்தா காலமானது 1949 என்பதால் வீடு கூட்டுக்குடும்பச் சொத்து. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. அப்பா 9-9-2005 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சில காலம் ஒரு தீர்ப்பு குழப்பியது. வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு 11-8-2020-ல் அதை மாற்றிவிட்டது. உரிமை பிறப்பால் வருவது. அப்பா அன்றைக்கு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை.

இனி கணக்கு. அப்பா இறந்த நேரத்தில் பாகம் பிரித்ததாக வைத்துக்கொண்டால் அப்பா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என ஐந்து கூறு. நம் தென்னாட்டு முறையில் பாகப்பிரிவினையில் மனைவிக்குத் தனிக்கூறு கிடையாது. கணவருடைய கூறில்தான் அவர் வாரிசு. அப்பாவின் ஐந்தில் ஒன்றை அம்மாவும் நீங்கள் நால்வரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 25-ல் 1. ஆக, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 25-ல் 6, அம்மாவுக்கு 25-ல் 1. மகளைப் பங்காளி ஆக்காத பழைய 1956 சட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது வெறும் 15-ல் 1.

கொளத்தூர் வாசகர்: மன்னிக்கணும் மேடம். தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இருக்கிறது. 25-3-1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. எங்கள் அக்காவுக்கு 1983-ல் கல்யாணம். வக்கீலே சொன்னார்.

நீங்கள் சொல்லும் சட்டம் உண்மை. மத்திய அரசுக்கு 16 வருஷம் முன்னாலேயே தமிழ்நாடு மகளைப் பங்காளி ஆக்கியது. ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே கல்யாணமானவர்களை வெளியே நிறுத்தியது. திருவல்லிக்கேணி அம்மாவின் வீட்டையே எடுத்துக்கொண்டால், அந்தச் சட்டப்படி தங்கை பங்காளி, அக்கா இல்லை. 2005-ல் வந்த மத்திய திருத்தத்தில் கல்யாணத் தேதி என்ற நிபந்தனையே இல்லை. உங்கள் வக்கீல் 2004-ல் சொல்லியிருந்தால் சரி. இன்றைக்கு அதை வைத்து அக்காவை மறுக்க முடியாது. அக்காவிடம் நேராகப் பேசுங்கள் தம்பி. நோட்டீஸ் வந்த பிறகு பேசுவது கடினம்.

அம்பத்தூர் வாசகர், பத்திரப்பதிவுத் துறையில் ஓய்வு பெற்றவர்: திருவல்லிக்கேணி கணக்கில் பாட்டியை விட்டுவிட்டீர்களே அம்மா. 1949-ல் பாட்டி இருந்திருந்தால் 1937 சட்டம் வருமே?

சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. திருவல்லிக்கேணி அம்மா, பாட்டி எப்போது காலமானார்?

திருவல்லிக்கேணி வாசகி: 1971. கடைசி வரை அந்த வீட்டில்தான் இருந்தார்.

அப்படியானால் கணக்கே மாறுகிறது. 1937-ல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி, கணவருடைய சுயசம்பாத்தியத்தில் விதவைக்கு ஒரு மகனுக்கு உள்ள அளவு பங்கு. ஆகவே 1949-ல் வீடு முழுதும் அப்பாவுக்கு வரவில்லை. பாதி அப்பாவுக்கு, பாதி பாட்டிக்கு. பாட்டிக்கு வந்தது ஆயுள் வரைக்குமான உரிமைதான். ஆனால் 1956 சட்டத்தின் 14-வது பிரிவு அதை முழு உரிமையாக்கிவிட்டது. 1971-ல் அவர் உயில் எழுதாமல் இறந்ததும் அந்தப் பாதி ஒரே மகனான அப்பாவுக்கு வாரிசாக வந்தது. அது 1956-க்குப் பின்னால் வந்தது, அம்மா வழியில் வந்தது. அதனால் அப்பாவின் தனிச்சொத்து.

எனவே ஒரே வீட்டில் இரண்டு வகைச் சொத்து இருக்கிறது. கூட்டுக்குடும்பப் பாதியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 25-ல் 6, அம்மாவுக்கு 25-ல் 1. பாட்டி வழி வந்த பாதி, அம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கும் சமம். இரண்டையும் கூட்டினால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100-க்கு 22, அம்மாவுக்கு 12. முந்தைய கணக்கில் அம்மாவுக்கு 4-தான் இருந்தது. பில்டரோடு பேசும்போது அம்மாவின் கையெழுத்தை யாரும் சடங்காக நினைத்துவிடக் கூடாது.

இப்போதைக்குத் தாத்தா, பாட்டி, அப்பா மூவரின் இறப்புச் சான்றிதழையும் மாநகராட்சியில் வாங்குங்கள். தாத்தா பெயரில் உள்ள மூலப்பத்திரத்தின் நகலையும், வில்லங்கச் சான்றையும் எடுங்கள். பழைய வருஷங்களுக்கு இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். விடுதலைப் பத்திரம் என்று எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாம்பரம் வாசகர்: நாங்கள் 2001-லேயே பெரியவர்கள் முன்னால் பிரித்துக்கொண்டோம். கூர்சீட்டு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், பதிவு செய்யவில்லை. தங்கை இப்போது வழக்கு என்கிறாள். பிரித்தது பிரித்ததுதானே?

இதில் உங்கள் வயிற்றில் பால் வார்க்க எனக்கு வழியில்லை. 20-12-2004-க்கு முன்னால் நடந்த பாகப்பிரிவினையைச் சட்டம் தொடாது என்பது உண்மைதான். ஆனால் அது பதிவான பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையாகவோ இருக்க வேண்டும். வாய்மொழிப் பிரிவினையைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது என்று வினீதா சர்மா தீர்ப்பும் சொல்கிறது. தங்கையை ஒதுக்குவதற்காகப் பின்தேதி போட்டு எழுதிய சீட்டுகளை நானே நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். பொது ஆவணங்கள் தொடர்ச்சியாக இருந்து, பிரிவினை அப்போதே நடந்தது என்பது தீர்ப்பாணைக்கு ஈடாகத் தெரிந்தால், விதிவிலக்காக ஏற்கலாம். 2001-ஐ ஒட்டியே உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா மாறியதா? சொத்துவரி தனியாகக் கட்டினீர்களா? அண்ணன் தன் கூறை அடமானம் வைத்தோ விற்றோ பதிவான பத்திரம் இருக்கிறதா? இவை 2004-க்கு முந்தியவையாக இருந்தால் வாதாட இடம் உண்டு. எத்தனை ஆவணம் போதும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இன்னொன்று: "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதிய சீட்டையே பதிவு செய்திருக்க வேண்டும். "முன்பே பிரித்துக்கொண்டதைக் குறித்து வைக்கிறோம்" என்ற சீட்டு வேறு. உங்களுடையதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள்.

அண்ணாநகர் வாசகி: எங்கள் அம்மா டீச்சர் வேலை பார்த்து வாங்கிய ஃப்ளாட். அம்மா போன வருஷம் காலமானார். 2005 சட்டப்படி எனக்கும் அண்ணனுக்கும் சமம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சமம்தான், ஆனால் அது 2005 சட்டத்தால் இல்லை. அம்மாவின் சொந்தச் சொத்தில் கூட்டுக்குடும்பப் பேச்சே வராது. அவர் உயில் எழுதியிருக்காவிட்டால் மகன், மகள், கணவர் மூவருக்கும் சமம். 1956 முதலே இப்படித்தான். அப்பா இருந்தால் மூன்றில் ஒன்று அவருடையது.

பெரம்பூர் வாசகி: அப்பா 2016-ல் இறந்தார். வீடு முழுவதையும் தம்பிக்கு உயில் எழுதிவிட்டார், பதிவும் செய்திருக்கிறார். நாங்கள் இரண்டே பேர், அம்மா முன்பே இல்லை. பதிவான உயிலை ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.

பதிவு செய்வதால் உயிலுக்கு இல்லாத பலம் வந்துவிடாது. தனக்குச் சொந்தமானதைத்தான் ஒருவர் உயிலில் கொடுக்க முடியும். வீடு கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் அப்பா, நீங்கள், தம்பி ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் கூறு உயிலால் தம்பிக்குப் போகும். உங்கள் மூன்றில் ஒன்று உங்களிடமே நிற்கும். வீடு அப்பா வாங்கினதாகவோ, 1956-க்குப் பின் இறந்த தாத்தாவிடமிருந்து வந்ததாகவோ இருந்தால், உயில் உண்மையானது என்று நிரூபணமானால் முழுதும் தம்பிக்குத்தான். பூர்வீகம் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் மேல். ஆகையால் உங்களுக்கும் அதே கேள்விதான்: அந்த வீடு அப்பா கைக்கு எப்படி, எந்த வருஷம் வந்தது?

பெரம்பூர் வாசகி: அது அப்பாவின் தாத்தா வீடு. 1930-களில் வாங்கினது என்பார்கள். அதற்கு மேல் தெரியாது.

வாங்கிய வருஷத்தை விட, அவரும் அவர் மகனும் இறந்த வருஷங்கள் முக்கியம். அவற்றைத் தேடிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

வில்லிவாக்கம் வாசகர்: எங்கள் அம்மா 2003-ல் இறந்துவிட்டார். தாத்தா 2010-ல். கூட்டுக்குடும்பச் சொத்து, மாமாக்கள் மூன்று பேர். மகளே 2005-ல் இல்லை என்றால் எங்களுக்கு என்ன?

இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன் தம்பி. தாத்தாவின் கூறில் உங்களுக்குப் பங்கு நிச்சயம். முன்னரே இறந்த மகளின் பிள்ளைகள் முதல் வகுப்பு வாரிசுகள். தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால் உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் பங்கு உங்களுக்கு வரும். அம்மாவே பிறப்பால் பங்காளி, அந்தத் தனிக்கூறும் எங்களுக்கு வரணும் என்பது வேறு வாதம். பிறப்புதான் அடிப்படை என்றால் அவரும் பங்காளிதான் என்று ஒரு பக்கம் வாதிடுவார்கள். திருத்தம் வந்த நாளில் மகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். பிராதில் இரண்டையும் கேளுங்கள். முதலாவது கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு வழக்கு நீளும் என்று தெரிந்தே இறங்குங்கள்.