அம்மோனியா 4 என்றால் எவ்வளவு நஞ்சு? மீன்தொட்டித் தண்ணீர் குறித்த கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: புதிதாக இரண்டடித் தொட்டி வைத்து எட்டு நாள் ஆகிறது. நான்கு கோல்டு பிஷ் விட்டதில் இரண்டு செத்துவிட்டன. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 4 காட்டுகிறது. போர் தண்ணீர், பி.எச். 8.2. கோவையில் என் தம்பி தொட்டியிலும் அதே 4தான், அவன் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிட் பழுதா?

கிட்டில் பழுது இல்லை. அது தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவை அளக்கிறது. அந்த மொத்தத்தில் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று மின்னூட்டம் ஏறிய அம்மோனியம். அது செவுளுக்குள் எளிதில் நுழையாது. மற்றது மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. அதுதான் செவுளைத் தாண்டி இரத்தத்தில் கலந்து மீனைக் கொல்கிறது. எது எவ்வளவு என்பதை முக்கியமாக பி.எச்.சும், ஓரளவு வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. உங்கள் தண்ணீர் 30 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பி.எச். 8.2இல் மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு நஞ்சு வடிவில் இருக்கும், அதாவது லிட்டருக்கு 0.45 மில்லிகிராம். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. உங்கள் தம்பியின் தொட்டியில் பி.எச். 7 அளவில் இருந்தால் அதே 4இல் நஞ்சு 0.03தான் இருக்கும். 0.05ஐத் தாண்டினாலே செவுள் சேதமாகத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆகவே இருவர் கிட்டிலும் பச்சை ஒன்றாகத் தெரிந்தாலும், உங்கள் மீன்கள் அனுபவிப்பது பதினைந்து மடங்கு நஞ்சு.

இந்த 4 எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். சரளைக் கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் உங்கள் தொட்டியில் 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். நாளுக்கு ஒரு கிராம் தீனி போட்டால், அதன் புரதத்திலிருந்து லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் அம்மோனியா அன்றாடம் சேரும். அதை உண்ணும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இன்னும் பெருகியிருக்காது என்பதால் ஆறு நாளில் 4ஐத் தொட்டுவிடும்.

தீனியை இன்றே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினியை கோல்டு பிஷ் தாங்கும். இன்று பாதித் தண்ணீரையும் நாளை பாதியையும் மாற்றினால் 4 என்பது 2 ஆகி 1 ஆகும், ஆனால் உங்கள் பி.எச்.சில் 1 கூட அதிகமே. கிட் 0.5க்குக் கீழே காட்டும்வரை நாள்தோறும் பாதி மாற்றிக்கொண்டே இருங்கள். பி.எச்.சைக் குறைக்கும் திரவம் எதையும் ஊற்ற வேண்டாம். கடினமான போர் தண்ணீரில் அது கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும், அந்த ஆட்டமே மீனை அலைக்கழிக்கும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டரில் வையுங்கள். இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. மீதமிருக்கும் இரண்டு மீனுக்கே அந்தத் தொட்டி சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருச்சி, கல்லூரி மாணவி: அண்ணா, அம்மோனியா பூஜ்யம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது மாலி எல்லாம் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்குகிறது. ஏர் பம்ப் நன்றாக ஓடுகிறது. ஆக்சிஜன் போதவில்லையா?

ஆக்சிஜன் தண்ணீரில் இருக்கும் அம்மா, அதைச் சுமக்க இரத்தத்தால் முடியவில்லை. நைட்ரைட்டைச் சோதித்துப் பாருங்கள். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா முதலில் பெருகி அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை உண்டு நைட்ரேட்டாக மாற்றும் இரண்டாவது வகை தாமதமாகத்தான் பெருகும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். நைட்ரைட் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏற்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். இப்படி இறந்த மீன் ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். சிவப்பாக இருக்க வேண்டிய இழைகள் டிக்காஷன் நிறத்தில் இருந்தன. அந்த நிறத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

செவுளில் குளோரைடை உள்ளிழுக்கும் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. தண்ணீரில் குளோரைடு மிகுந்திருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. அதனால் பாதித் தண்ணீரை மாற்றியபின், பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பை ஒரு குவளையில் கரைத்து, அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். இதில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும். கிட்டில் நைட்ரைட் 5 காட்டினாலும் அது பன்னிரண்டு மடங்கு. பிறகு தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பை ஈடுசெய்யுங்கள். ஆனால் உப்பு அம்மோனியாவுக்கு மருந்தாகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு உப்பை மட்டும் கொட்டி மீனை இழந்தவர்கள் பலர்.

மதுரை வாசகர்: நல்ல பாக்டீரியா தண்ணீரில்தான் இருக்கிறது என்று படித்தேன். அதனால் தண்ணீரை மாற்றுவதே இல்லை. பில்டர் ஸ்பாஞ்சை மட்டும் வாரா வாரம் குழாயில் பளிச்சென்று கழுவுகிறேன். சரிதானே?

பாக்டீரியாவைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் சரி, அது குடியிருக்கும் இடத்தைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டீர்கள். அது மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கிறது. நீங்கள் வாரம்தோறும் குளோரின் தண்ணீரில் கழுவிப் போக்குவது அந்தப் படலத்தைத்தான். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, ஸ்பாஞ்சை அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும், அதுவும் நீரோட்டம் குறையும்போது மட்டும்.

அம்பத்தூர் வாசகர்: நான் அம்மோனியா பற்றிக் கேட்கவில்லை சார், என் பிரச்சினை வேறு. மூன்று வருடத் தொட்டி, 100 லிட்டர், ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவேன். நான்கு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, போன ஞாயிறு பாதிக்கு மேல் மாற்றி போர் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் காலை ஏழு மீன் செத்துக் கிடந்தன. தண்ணீர் மாற்றியதால்தான் செத்தன, இனி மாற்றவே மாட்டேன்.

உங்கள் பிரச்சினையும் அம்மோனியாவாகத்தான் எனக்குப் படுகிறது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது, அந்த அமிலத்தைத் தண்ணீரின் கார்பனேட், அதாவது கே.எச்., தாங்கிக்கொள்கிறது. நாளுக்கு ஒரு கிராம் தீனி என்றால் 100 லிட்டர் தொட்டியில் சுமார் எட்டு நாளுக்கு ஒரு டிகிரி கே.எச். கரையும். ஆர்.ஓ. தண்ணீரிலோ அது ஏறக்குறைய இல்லவே இல்லை. நான்கு மாதத்தில் உங்கள் பி.எச். 6க்கு இறங்கியிருக்கும். அந்த அமிலத்தில் பாக்டீரியா வேலை செய்வது வெகுவாகக் குறைந்து, அம்மோனியா சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும்.

அது 8 வரை சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். பி.எச். 6இல் அதில் நஞ்சு 0.01கூட இல்லை, ஆகையால் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நீங்கள் அறுபது சதவீதம் மாற்றியதும் மொத்தம் 3.2 ஆகக் குறைந்தது. ஆனால் போர் தண்ணீர் பி.எச்.சை 7.8க்கு ஏற்றியிருந்தால், அந்த 3.2இலிருந்தே 0.16 அளவு நஞ்சு வடிவத்துக்கு வந்துவிடும். அம்மோனியா பாதிக்கு மேல் குறைந்தும் நஞ்சு இருபது மடங்குக்கு மேல் ஏறியது இப்படித்தான். பி.எச். திடீரென மாறியதன் அதிர்ச்சியும் சேர்ந்திருக்கலாம், இரண்டையும் பிரித்துச் சொல்ல அன்றைய அளவுகள் வேண்டும்.

இப்படிப்பட்ட தொட்டியில் முதலில் அதே ஆர்.ஓ. தண்ணீரால் நாளுக்குக் கால் பங்கு மாற்றி அம்மோனியாவைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே கே.எச்.சை ஏற்ற வேண்டும். 100 லிட்டருக்கு மூன்று கிராம் சமையல் சோடா ஒரு டிகிரியைக் கூட்டும். நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் நான்கில் நிறுத்துங்கள். தண்ணீர் மாற்றுவதை விட்டுவிடுவது, நடந்ததை மீண்டும் வரவழைப்பதாகும்.

சிங்கப்பூர் வாசகர்: குழாய்த் தண்ணீரை ஆன்டி குளோரின் போட்டுச் சோதித்தால் அதிலேயே அம்மோனியா காட்டுகிறது. மீனே இல்லாத வாளி!

உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். சாதாரண ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தையோசல்பேட், அதிலுள்ள குளோரினை மட்டும் முறித்து அம்மோனியாவை விட்டுவிடும். தேறிய பில்டர் அந்தச் சிறு அளவை விரைவில் தின்றுவிடும், புதுத் தொட்டிக்கு அம்மோனியாவையும் பிணைக்கும் வகை மருந்து வேண்டும். அதைப் பயன்படுத்தும்போது நெஸ்லர் முறைக் கிட் பொய்யான அளவைக் காட்டும், சாலிசிலேட் முறைக் கிட்டை வாங்குங்கள்.

கொளத்தூர், முப்பது ஆண்டாக மீன் வளர்ப்பவர்: தம்பி, நைட்ரைட்டை உண்பது நைட்ரோபாக்டர் என்று பலரும் இன்னும் எழுதுகிறார்கள். அது தவறென்று நிரூபித்தாகிவிட்டது. இன்னொன்று, மீனை வைத்தே பாக்டீரியாவைப் பெருக்கித் தொட்டியைப் பழக்குவதை நீங்கள் ஏன் கண்டிக்கவில்லை? நாங்கள் நவச்சாரம் போட்டுத்தான் பழக்குகிறோம்.

ஐயா சொல்வது சரி. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். 2015இல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்வரை முழுவதையும் தனியே முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் கண்டறியப்பட்டது. நவச்சாரத்தைப் பொறுத்தவரை உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன், ஒரே ஒரு எச்சரிக்கையுடன். பாத்திரத்துக்கு ஈயம் பூச விற்கும் நவச்சாரத்தில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடுதான், அதையே ஆய்வகத் தரத்தில் வாங்குவது நல்லது. 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா 2க்கு வரும். அந்த 2 ஒரே நாளில் மறைந்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தேறிவிட்டது. வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

யாழ்ப்பாண வாசகர்: மீன் விடாமல் தொட்டியைப் பழக்கத் தொடங்கி ஏழு கிழமையாகிவிட்டது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் மட்டும் கடும் ஊதாவில் அசையாமல் நிற்கிறது. போத்தல் பாக்டீரியாவும் இரண்டு முறை விட்டுப் பார்த்தேன்.

கடும் ஊதா என்பது கிட்டின் உச்சவரம்பு. உண்மையில் 5 இருக்கிறதா 30 இருக்கிறதா என்பதை அந்த நிறம் சொல்லாது. ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். இறங்கிக்கொண்டே இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவும் கூடும். போத்தல் பாக்டீரியாவில் சில எனக்கு வேலை செய்தன, சில செய்யவில்லை. வெயிலில் கிடந்த போத்தலா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. அம்மோனியாவைத் தொடர்ந்து ஊற்றி வந்தால் அதை நிறுத்திவிட்டு, மீன் இல்லாத தொட்டி என்பதால் துணிந்து முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். பத்து மடங்கு கலந்த அளவையும் கே.எச்.சையும் அடுத்த கிழமை எழுதுங்கள். அவை இரண்டும் இல்லாமல் காரணம் இதுதான் என்று நான் சொன்னால் அது ஊகமாகவே இருக்கும்.